ஓட்டையை அடைத்த கணக்கு

நான் றம்லா. துறைமுகத்தடியில் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளி. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் சித்தியடைய வேண்டுமாம், அதுவும் நாற்பத்தைந்து வயதுக்குள். கூட்டுகிற கைக்கு எதற்குக் கணக்கு? எனக்கு நாற்பத்து நாலு. இரண்டு தரம் எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசித் தரம்.

பரீட்சை மண்டபத்தில் முதல் நாலு கணக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தன. ஐந்தாவதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு தாங்கி. ஒரு குழாய் தனியே மூன்று மணித்தியாலத்தில் நிரப்பும், மற்றது ஆறு மணித்தியாலத்தில். அடியில் ஓர் ஓட்டை, நிறைந்த தாங்கியை ஆறு மணித்தியாலத்தில் வெறுமையாக்கும். இரண்டு குழாயையும் திறந்தால் வெறுந்தாங்கி எப்போது நிரம்பும்?

அல்லாஹ்வே, இது எங்கள் அலுவலகத் தாங்கியல்லவா. அங்கேயும் கிணற்று மோட்டர்க் குழாய் ஒன்று, நகரசபைப் பைப் தண்ணிக் குழாய் ஒன்று, அடியில் ஒரு வெடிப்பு. தினமும் காலையில் தேங்காய்த் தும்பும் துணி தோய்க்கிற சவர்க்காரமும் சேர்த்து அதை அடைத்துவிட்டுத்தான் இரண்டையும் திறப்பேன்.

மணித்தியாலத்துக்கு மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, கூட்டினால் அரைத் தாங்கி. ஆக இரண்டு மணித்தியாலம். 'முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்' என்றும் வடிவாக எழுதினேன். அன்று முழுதாகச் செய்த கணக்கு அது ஒன்றுதான்.

வீட்டில் எனக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மகள் பஸ்னாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"உம்மா, ஓட்டையால போறத நீங்க கழிக்கலயா?"

"ஓட்டையத் திறந்து வச்சிட்டு ஆராச்சும் தண்ணி நிரப்புவாங்களா மகள்?"

"அது கணக்கு உம்மா. அதுக்குள்ள நீங்க கை வைக்க ஏலாது." பேனையை எடுத்தாள். "அரையில ஆறில் ஒண்டு போனா மூண்டில் ஒண்டு. மூண்டு மணித்தியாலம்."

அவள் சொன்னது சரி. எனக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தாளைத் திருப்பி வாங்கவா முடியும்?

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. மூன்றாம் முறையும் சித்தியில்லை. அடுத்த இரண்டு கிழமையில் எனக்கு நாற்பத்தைந்து வயதும் ஆனது.

பிறந்தநாளுக்கு மறுநாளும் வேலைக்குப் போய், வெடிப்பை அடைத்து இரண்டு குழாயையும் திறந்தேன். தாங்கி நிரம்பிய நேரம் அலுவலகத்தின் பெரிய ஐயா தனஞ்சயன் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"றம்லா, தாங்கி நிரம்பிட்டுதா?"

"ஓம் ஐயா."

குனிந்து தாங்கியின் அடியில் நான் அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.