இரண்டு பக்கத்துக்கும் பொதுவான செலவு

கிடங்கில் சரக்குத் தூக்கும் மூன்று ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளும் கிழடு தட்டிப் போயிருந்தன. அடுத்த ஆண்டு மூலதன பட்ஜெட்டில் புதியவற்றை வாங்குவதா, ஐந்தாண்டு குத்தகைக்கு எடுப்பதா என்று ஒப்பிட்டுக் கொடுப்பது கணக்காளனான என் வேலை.

அவற்றைப் பழுது பார்க்கும் ஒரே மெக்கானிக் என் அக்கா கணவர். கருத்துக் கேட்டேன்.

"குத்தகைக்கே எடு மாப்ளே. ரிப்பேர் அவங்க தலைவலி. இந்தச் சனியன்களோட மாரடிச்சு என் முதுகே போச்சு."

மாமா அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். பாவி நான், அதை பட்ஜெட்டோடு இணைத்தேன்.

இரண்டு வழியின் ஐந்தாண்டுச் செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தேன். வாங்கினால், கடைசியில் விற்று வருவது கழித்து, உதிரிபாகம் சேர்த்து, எண்பத்து நான்கு லட்சம். குத்தகை, பராமரிப்போடு தொண்ணூற்றிரண்டு. வாங்குவதே லாபம். மாமா சம்பளத்தை நான் சேர்க்கவில்லை. எந்த வழியிலும் அவர் இருப்பார், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான செலவு, ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. பாடப் புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.

நிதி மேலாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். தேனொழுகப் பேசும் மனிதர்.

"குத்தகைன்னா பராமரிப்பு அவங்களோடது. அப்புறம் மெக்கானிக் எதுக்கு?"

"பன்னெண்டு வருஷமா இருக்காரு சார்."

"இருக்கட்டும். குத்தகைல ரிப்பேர் அவங்க தலைவலின்னு அவரே எழுதியிருக்காரு பாருங்க. அப்போ அவர் சம்பளம் பொதுச் செலவு இல்லயே. வாங்குற பக்கத்துல சேருங்க."

சேர்த்தேன். ஐந்தாண்டுச் சம்பளம், இன்றைய மதிப்பில் பதினொரு லட்சம். வாங்கும் பக்கம் தொண்ணூற்றைந்தைத் தொட்டது. பதறிப்போய், அவரை அனுப்பினால் தரவேண்டிய இழப்பீட்டைக் குத்தகைப் பக்கம் ஏற்றினேன். முக்கி முக்கிப் பார்த்தும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஏறவில்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"குத்தகைதான்" என்று மேலாளர் கையெழுத்திட்டார். கணக்கில் தப்பில்லை. தப்பிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

பணிமனையில் மாமா ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"முடிவாச்சா மாப்ளே?"

"குத்தகைதான் மாமா."

"அப்பாடா. இனியாவது நிம்மதியாத் தூங்கலாம்."

வேறு யாராவது சொல்லட்டும் என்று ஓடிப்போக எனக்கும் ஆசைதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயது மனிதர், அக்கா புருஷன். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனர் சத்தம் நின்றுபோயிற்று.

அடியிலிருந்து குரல் வந்தது.

"உங்கக்காகிட்ட நான் எழுதிக் குடுத்ததச் சொல்லாதே மாப்ளே. உன் கணக்குல வந்ததுன்னே சொல்லிடு."

சரி என்றேன். அவர் மறுபடி நட்டை முடுக்கத் தொடங்கினார்.