எட்டரைக்கும் பதினொன்றுக்கும் நடுவே

பஞ்சாங்க ஆபீஸில் கணக்குப் போடுகிறவருக்குப் பேயைக் கண்டு பயமில்லை. மாமனாரைக் கண்டுதான் பயம். மாமனார் செத்துப் போனதால் இரண்டும் ஒன்றாகிவிட்டது.

அந்தப் பஞ்சாங்கத்தை நாற்பது வருஷம் கணித்தவர் மாமனார். இறந்த பிறகும் வருஷா வருஷம் தன்னுடைய திதி பிறந்ததும் வந்து, மாடி அறையில் பழைய நாற்காலியில் உட்காருவார். திதி முடிந்ததும் எழுந்து போய்விடுவார். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். அச்சுக்குப் போன தாள்களைப் புரட்டி, பென்சிலால் சுழித்துக்கொண்டிருப்பார்.

போன வருஷம் மட்டும் கிளம்பும்போது வாய் திறந்தார். "மாப்ளே, அடுத்த தடவை ஒரு தப்பு பார்த்தேன்னா உங்களையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

"எங்கப்பா வந்தா உங்களுக்கு என்ன? சோறு கேக்கிறாரா, துணி கேக்கிறாரா?" என்றாள் மனைவி. அவளுக்கு அவர் கண்ணில் படுவதில்லை; நாற்காலி முனகுவது மட்டும் கேட்கும்.

கணக்கர் யோசித்தார். திதி முடியும்வரை வீட்டில் இல்லாவிட்டால் யாரைக் கூட்டிப் போவது? இந்த வருஷம் முதல் நாள் காலை எட்டு ஐம்பதுக்குத் திதி ஆரம்பம். அதைச் சரியாகத்தான் கணித்திருந்தார். முடிவுக்கு வரும்போது அச்சகக்காரர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்ததால், கையில் இருந்த சராசரியைக் கூட்டிப் போட்டுவிட்டார். ஒரு திதிக்குச் சராசரி இருபத்து மூன்று மணி முப்பத்தேழு நிமிஷம். ஆக, மறுநாள் காலை எட்டு இருபத்தேழுக்கு முடிவு. அப்படியே அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது.

திதி பிறக்கும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். ராத்திரி காகிதக் கட்டுகளின் மேல் படுத்தார். காலை எட்டரைக்கு, கிழவர் போயிருப்பார் என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்து, சீட்டியடித்தபடி மாடியேறினார்.

நாற்காலியில் மாமனார் இருந்தார்.

"வாங்க மாப்ளே," என்றார். "உங்க கணக்குப்படி நான் கிளம்பிட்டேன். அப்போ இங்க உக்காந்திருக்கிறது யாரு?"

அறை ஐஸ் பெட்டிபோல் குளிர்ந்தது. கதவு தன் பாட்டுக்குச் சாத்திக்கொண்டது.

"சராசரி போட்டுட்டேன் மாமா. அவசரத்துல…"

"நிலா சராசரியாவா ஓடுது? சூரியனை விட்டு நிலா பன்னிரண்டு பாகை விலகினா ஒரு திதி. நிலா போற பாதை வட்டமில்ல, நீள்வட்டம். பூமிக்குக் கிட்ட வர்றப்போ தலைதெறிக்க ஓடும், பத்தொன்பது இருபது மணி நேரத்துலயே பன்னிரண்டைத் தாண்டிடும். தூரப் போனா காலை இழுத்துக்கிட்டு நடக்கும், இருபத்தாறுக்கு மேலயும் ஆகும். நேத்து நிலா எங்க இருந்துது?"

கணக்கர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "தூரத்துல. கிட்டத்தட்ட கடைக்கோடியில."

"அப்போ போடுங்க."

மாமனார் பென்சிலை நீட்டினார். அதை வாங்கிய விரல் மரத்துப்போனது. கிழவர் இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமில்லை, ஆனால் விடவுமில்லை. கணக்கர் சூரியனின் நிலையை எழுதினார், நிலாவின் நிலையை எழுதினார், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார், அடித்தார், மறுபடி கழித்தார். கீழே மனைவி பாத்திரம் துலக்கும் சத்தம் வேறு ஏதோ ஊரில் கேட்பதுபோல் கேட்டது.

கடைசியில், "பதினொன்று பத்து," என்றார். "இருபத்தாறு மணி இருபது நிமிஷத் திதி."

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று ஒன்பது.

"சரிதான்," என்றார் மாமனார், திருப்தியாக. "கணக்குத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போக மனசு வரல. ஆனா அச்சானது அச்சானதுதானே? என் திதியில எட்டு இருபத்தேழுக்கு அப்புறம் உள்ள நேரத்தை நீங்க இல்லைன்னு போட்டுட்டீங்க. அந்த நேரம் எனக்கு வேணும். உங்க கிட்டேருந்தே எடுத்துக்கிறேன்."

கடிகாரம் பதினொன்று பத்தைத் தொட்டது. நாற்காலி காலியாக ஆடியது.

கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். "எப்போ வந்தீங்க? எட்டரைக்கு யாரோ படியேறுற சத்தம் கேட்டு மேல வந்து பார்த்தேன். ஒருத்தரையும் காணோம். பென்சில் மட்டும் தானா எழுதிட்டு இருந்துது."

"இங்கதானே இருந்தேன்டி!"

"பொய் சொல்லாதீங்க. இப்போ நீங்க நிக்கிற இடத்துலதான் நானும் நின்னேன்."

அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால் கணக்கர் மறைந்துபோகிறார், பதினொன்று பத்துக்குத் திரும்பி வருகிறார். அந்த நேரத்தில் அவர் மனைவியிடம் பேசினால், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காற்று அதிகம் என்கிறாள். ஆபீஸ்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் இல்லாத நேரத்தில்தான் கணக்கு ஒரு பிழை இல்லாமல் வருகிறதாம். கணக்கருக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த நேரத்தில் மணிக்கட்டை யாரோ பிடித்திருக்கிறார்கள். நிலா தூரப் போகும் நாட்களில் பிடி விட இன்னும் கொஞ்சம் நேரமாகிறது.