ஒண்ணும் மாத்தலையே

எங்க கம்பெனி ஆப்புக்குக் களம்னு பேரு. பேரு வச்சவர் டேவிட்சன் சார். மனுஷன் களத்துல கால் வச்சது கல்யாண ஆல்பத்துக்கு போட்டோ எடுத்த அன்னைக்கு மட்டும்தான். மெடிக்கல் காலேஜ் ரோட்டுல டயர் கடைக்கு மேல ஆபீஸ். அறுவடை மிஷின் வேணும்னா விவசாயி அந்த ஆப்ல பதிவு பண்ணணும், வரிசைப்படி மிஷின் வயலுக்கு வரும். அதை எழுதினவ நான், சுடர்விழி. டேவிட்சன் சார் எழுதினது சுவத்துல தொங்குற பொன்மொழி.

ஐப்பசி பொறந்து குறுவை அறுப்பு மும்முரமா இருந்த நேரம். காலைல கதவைத் திறந்தா வாசல்ல ரெங்கம்மாள் அக்கா நிக்கிறாங்க. பாபநாசத்துக்கு உள்ளாற ஏதோ ஒரு ஊரு. ஊரான் வயல்ல நாத்து நட்டும் களை பறிச்சும் காலம் தள்ளின குடும்பம், இந்த வருஷம்தான் முதமுதலா ரெண்டரை ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சுத் தானா பயிர் வச்சிருக்காங்க. கதிர் முத்திப் பாதி சாய்ஞ்சு கிடக்கு. சாயங்காலத்துக்கு மேல கனமழைன்னு டிவியில சொல்லிட்டான். சாய்ஞ்ச கதிர்ல தண்ணி நின்னா நெல்லு அங்கயே முளைச்சிடும், அப்புறம் மாட்டுக்குத்தான் ஆகும். நேத்து வரிசையில மூணாவது ஆளா இருந்தவங்க இன்னைக்குக் காலைல பார்த்தா பதினொண்ணு. போன் பண்ணினா யாரும் ஒழுங்கா பதில் சொல்லலைன்னு பஸ் ஏறி வந்துட்டாங்க.

டேவிட்சன் சார் ரூமை விட்டு வந்து அவங்க போனை வாங்கி ரெண்டு தட்டு தட்டினார். ஆப்பை எதுவும் பண்ணலைம்மா, புதுசா அப்டேட்டே போடலை, பழைய வெர்ஷன்தான் ஓடுது, உங்க ஊர்ல சிக்னல் கோளாறா இருக்கும்னார். என் பக்கம் திரும்பி, சொல்லும்மா, அப்டேட் போட்டோமான்னு கேட்டார். போடலைன்னேன். அது சத்தியமான உண்மை. அந்த உண்மையை அவர் எவ்வளவு அழகா உபயோகப்படுத்தினார்!

விஷயம் இதுதான். ஒரு ஆப்புக்குள்ள ரெண்டு விதமான வேலையையும் முன்கூட்டியே எழுதி வச்சிடலாம். எது நடக்கணும்னு ஒரு சுவிட்ச் முடிவு பண்ணும். அதுக்கு ஃபிளாக்னு பேரு. சுவிட்ச் போன்ல இல்ல, எங்க சர்வர்ல இருக்கு. இங்க உட்கார்ந்து அமுக்கினா அங்க வயல்ல இருக்கிற போன்ல ஆப் வேற மாதிரி நடந்துக்கும். அப்டேட் வேண்டாம், யாரும் எதையும் இறக்க வேண்டாம், யாருக்கும் தெரியவும் தெரியாது. நல்லதுக்கும் அதுதான், நரித்தனத்துக்கும் அதுதான்.

போன வருஷம் ஒரு கூட்டத்துல காட்டுறதுக்காக ஏக்கர் முன்னுரிமைன்னு ஒரு ஃபிளாக் எழுதச் சொன்னார். பதிவு பண்ணின தேதியைப் பார்க்காம, நிலம் ஜாஸ்தியா வச்சிருக்கவங்களை முன்னாடி நிறுத்தும். காட்டி முடிஞ்சதும் எடுத்துடலாம் சார்னு நான் தலையால தண்ணி குடிச்சேன். அணைச்சே இருக்கட்டும், என்னைக்காவது உதவும்னுட்டார். உதவிடுச்சு. சுவிட்செல்லாம் இருக்கிற கன்சோலைத் திறந்து பார்த்தா நேத்து ராத்திரியே அது எல்லாருக்கும் எரியுது. யாரோ பெரிய பண்ணைக்காரங்க விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, இவர் அங்க உட்கார்ந்து பிரியாணிக்கு நடுவுல போன்லயே அமுக்கியிருக்கார்.

ரூமுக்குப் போய் கேட்டேன். பெரிய வயல்னா மிஷின் அங்கங்க நகர்ற நேரம் மிச்சம்னார். நியாயமான வாதம்தான், ஆனா அதை விவசாயிங்ககிட்ட சொல்லிட்டுச் செய்ய வேண்டியதுதானேன்னேன். பாலிசின்னார். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சவன் மட்டும் கையில கிடைச்சா தெரியும். அக்காகிட்ட வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவங்க திட்டலை, அழலை. மழைக்கு முன்னாடி மிஷின் வருமா வராதா, அதை மட்டும் சொல்லு பாப்பான்னாங்க. இப்போதைக்குச் சொல்ல முடியாதுக்கான்னேன். வயலைப் பார்த்துட்டாவது இருக்கேன்னு கிளம்பிட்டாங்க.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கடவுள் கண்ணைத் திறந்தார். டேவிட்சன் சார் ரூமை விட்டு வேர்த்து விறுவிறுத்து ஓடி வர்றார். அவர் மாமனார் சிங்கராயர், அதே பாபநாசம் பக்கம், பன்னண்டு ஏக்கர், ஊர்லயே பெரிய கை. அவரும் நேத்து ஆறாவதா இருந்தவர், இன்னைக்குக் கடைசிக்குப் போயிட்டாராம். எப்படின்னா, சிறு விவசாயிக்குக் கிடைக்கிற சலுகை எல்லாம் தனக்கும் வேணும்னு அந்தப் பெரிய மனுஷர் பன்னண்டு ஏக்கரை பொண்டாட்டி, மச்சான், தம்பி பொண்டாட்டின்னு ஆறு பேர்ல ரெண்டு ரெண்டு ஏக்கரா பிரிச்சு வச்சிருக்கார். ஆப்லயும் அப்படியே பதிவு. ஃபிளாக்குக்கு மாமனார் மச்சான்னு தெரியுமா, ரெண்டு ஏக்கர்னா ரெண்டு ஏக்கர், போ பின்னாடின்னுடுச்சு. எழுதினது நான்தான்னாலும் அன்னைக்குத்தான் அது மேல எனக்கு ஒரு பிரியம் வந்துச்சு.

உடனே அணைன்னார். காலைல பாலிசி, மத்தியானம் மாமனார். அணைச்சேன்.

அணைச்சா மட்டும் போதாது. வயல்ல சிக்னல் கிடைக்காதுன்னு வரிசையை மிஷின் டிரைவர் போனே இறக்கி வச்சு அடுக்கிக்கும். அந்தப் போன் புது செட்டிங்கை எடுக்கணும்னா ஆப்பை மூடித் திறக்கணும். முதல் தரம் திறந்தா எடுத்து வச்சுக்கும், அடுத்த தரம் திறந்தாத்தான் நடப்புக்கு வரும். நடுவுல திரை மாறி ஆளைக் குழப்பக் கூடாதுன்னு அப்படி. டிரைவர் அஸார், கூத்தாநல்லூர்க்காரர். அவருக்குப் போன் போட்டா மூட மாட்டேன்னார். ஒரு வயல் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆப்பை மூடினா ஓடின மணிக்கணக்கு போயிடும்னு டிரைவருங்க எல்லாருக்கும் பயம், சாப்பிடும்போது கூட மூட மாட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடி, அந்த வயல் முடிஞ்சதும் ரெண்டு தரம் மூடித் திறக்க வச்சேன். வரிசை பழையபடி வந்துச்சு. கையில இருந்த ரெண்டு வயலுக்கு அடுத்து ரெங்கம்மாள் அக்கா. சிங்கராயர் பழைய ஆறாம் இடத்துல.

அங்கதான் டேவிட்சன் சாருக்கு மறுபடி அறிவு வேலை செஞ்சுது. குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் ஒரு விதி போடலாம்ல, மாமனாரை முதல்ல கொண்டு வான்னார். மாட்டேன்னேன். வேலைக்கு ஆள் நிறைய இருக்குன்னார். இருக்கட்டும் சார்னேன். அவரே போனை எடுத்து விதியைப் போட்டு அமுக்கிட்டார். மாமனாரைக் கூப்பிட்டு ஆப்பை அழிச்சு மறுபடி ஏத்தச் சொன்னார். புதுசா ஏத்தினா புது செட்டிங் வந்துடும், அந்த ஒரு வித்தை மட்டும் அவருக்குத் தெரியும். அடுத்து நீங்கதான்னு மாமனார் போன்ல வந்துடுச்சு. வா, நேர்ல பார்ப்போம்னு என்னையும் கார்ல ஏத்திக்கிட்டார்.

நாங்க போறப்ப மேற்கால வானம் கருத்துக் கிடந்துது. சிங்கராயர் வரப்புல வெள்ளை வேட்டியில, மிஷினை வரவேற்க ஃபிளாஸ்க்ல டீயோட நிக்கிறார். மிஷின் அவர் வயலைத் தாண்டி நேரா ரெங்கம்மாள் அக்கா வயலுக்குப் போகுது. போனைத் தூக்கிக் காட்டிக்கிட்டே பின்னால ஓடினார். ஊர்ப் பெரியவர் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி அன்னைக்குத்தான் அந்த ஊரு பார்த்திருக்கும்.

அஸார் மிஷினை நிறுத்தித் தன் போனைக் காட்டினார். அதுல ரெங்கம்மாள்னுதான் இருந்துது. மாமனார் வயலைக் காட்டி மிஷினை அந்தப் பக்கம் திருப்புன்னு டேவிட்சன் சார் அதட்டினார். அஸார் அசரலை. வாய்ச்சொல் செல்லாது, ஆப்ல வர்ற வரிசைதான் செல்லும், மீறினா வண்டியைப் பிடுங்கிடுவேன்னு பயிற்சி வகுப்புல நீங்கதானே சார் சொன்னீங்கன்னார். அப்ப ஆப்பை அழிச்சு ஏத்துன்னார் இவர். இன்னும் அனுப்பாத மணிக்கணக்கு அதுக்குள்ள கிடக்கு, தொட விட மாட்டேன்னு போனைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார் அஸார்.

டேவிட்சன் சார் என் பக்கம் திரும்பினார். "இதுல இன்னும் ஏன் வரலை? மூடித் திறக்கச் சொல்லு."

"திறந்தாலும் வராது சார். ஒரு தடவை எடுத்தா ஆறு மணி நேரத்துக்கு மறுபடி சர்வர்கிட்ட கேட்காது. மத்தியானம்தான் எடுத்துச்சு."

"அந்த ஆறு மணி நேரத்தை அங்கிருந்தே மாத்து. அப்டேட் இல்லாம எல்லாத்தையும் மாத்தலாம்னுதானே இவ்வளவு செலவு."

"அது ஒண்ணு மட்டும் ஆப்புக்குள்ளயே எழுதியிருக்கு சார். அதை மாத்தணும்னா அப்டேட் போடணும். அடிக்கடி கேட்டா சர்வர் செலவு ஏறுது, ஆறு மணி நேரமாக்குன்னு சொன்னது நீங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், ரெண்டாம் தரமும் திறந்தார். புதுசா ஒண்ணும் வரலை.

ரெங்கம்மாள் அக்கா வரப்புலேர்ந்து இறங்கினாங்க. மெதுவா நடந்து வந்து, தன் போனை டேவிட்சன் சார் கையில கொடுத்தாங்க. காலைல அவர் வாங்கி ரெண்டு தட்டு தட்டின அதே போன்.

"நல்லா பாத்துக்கங்க சார். அப்டேட் எதுவும் போடலை. ஆப்ல ஒண்ணும் மாத்தலை. உங்க மாமனாருக்கு சிக்னல் கோளாறா இருக்கும்."

அஸார் மிஷினை வயலுக்குள்ள இறக்கினார். கடைசிச் சாலு ஓடி, நெல்லை டிராக்டர்ல கொட்டி, அக்கா தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிச்சப்பதான் முதல் சொட்டு விழுந்துது. டேவிட்சன் சார் கார்ல போய் உட்கார்ந்துட்டார். சிங்கராயர் மட்டும் அந்த மழையில வரப்புலயே நின்னுக்கிட்டு, அடுத்து நீங்கதான்னு சொல்ற போனையே பார்த்துக்கிட்டு இருந்தார்.