கலியாணம் சொன்னவர்

தங்கச்சி ஸுலைஹாவின் மகள் றிஸ்லாவுடைய கலியாணத்துக்குப் புறப்பட்ட றஸாக் இன்னும் போய்ச் சேரவில்லை. கலியாணம் முடிந்து இரண்டு வருசமாகிறது. சாய்ந்தமருதில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரேயொரு ஒழுங்கை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெள்ளைச் சட்டையும் புதுச் சாறனும் தொப்பியுமாய் அவர் தினமும் அதில் இறங்குவார், பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை நடப்பார், ஸுலைஹா வீட்டு வாசல் கேற் அப்படியே தூரத்தில் நிற்கும். திரும்பினால் நாலு எட்டில் தன் வீட்டு வாசல். மற்றவர்களுக்கு ஒழுங்கை பழைய ஒழுங்கைதான். ஆட்டோக்காரர்கள் ஹோன் அடித்து, ஸலாம் சொல்லி, விலகிப் போகிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தக் கலியாணத்தை ஊருக்கெல்லாம் சொன்னதே றஸாக்தான். கார்டை வாட்ஸ்அப்பில் போட்டால் இளசுகள் வந்துவிடும், மூத்தவர்கள் வரமாட்டார்கள், வீடு தேடிப் போய்ச் சொல்லவேண்டும். ஸுலைஹாவின் புருசன் அஹ்ஸன் தங்கமான மனிதர், ஆனால் நாலு பேருக்கு முன்னால் கதைக்க வராது. அதனால் றஸாக் முன்னே நடக்க, புருசனும் பெண்சாதியும் பின்னே போனார்கள். முதலில் அஹ்ஸனின் வாப்பா வழியில் மூத்தவர், பிறகு மற்றவர்கள். செருப்பைக் கழற்றி, ஸலாம் சொல்லி, இருக்கச் சொன்ன பிறகுதான் இருப்பது. எடுத்த எடுப்பில் விசயத்துக்குப் போகக்கூடாது. முழங்கால் நோவு எப்படி, மகன் கட்டாரிலிருந்து கதைத்தானா என்று சுகம் விசாரித்து, வைத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகு றஸாக் சற்றே நிமிர்ந்து இருப்பார். “அல்லாஹ்ட உதவியால நம்மட றிஸ்லாக்கு வாற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பொறகு நிக்காஹ் வெச்சிருக்கம். நீங்க ஊட்டோட எல்லாரும் வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரணும். புள்ளைக்கு துஆ செய்ங்க.” வெறும் ‘வாங்க’ என்பது விருந்தாளிக்கு. மூத்தவரிடம் நடத்தித் தரச் சொல்லித்தான் கேட்கவேண்டும். கார்டு அதற்குப் பிறகு, வலது கையால். ஸுலைஹா குசினிக்குள் போய் வீட்டுக்காரிக்கு அதையே திரும்பச் சொல்வாள். சொல்லாவிட்டால் பாதி வீட்டுக்குத்தான் சொன்னதாகும்.

கொழும்பில் மகளோடு இருக்கும் பெரியவாப்பாவுக்கு மட்டும் கோல் எடுத்தார்கள். கதைக்க நேரம் சரிதானா என்று கேட்டுவிட்டு, “காலால வந்து சொல்ல வேண்டியத கோல்ல சொல்றம். குறையா நெனைக்காம நேரில வந்து சொன்னதா எடுங்க பெரியவாப்பா” என்றார் றஸாக். பெரியம்மாவோடு கதைக்க போனை ஸுலைஹாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் வைக்கும்வரை இந்தப் பக்கம் வைக்கவில்லை.

எல்லா வீடும் முடிந்த அன்று அஹ்ஸன் மெதுவாகக் கேட்டார், “மச்சான் ஊட்ட போய்ச் சொல்லலியே?”

ஸுலைஹா சிரித்தாள். “கூடப்பொறந்த காக்காக்குமா? அவர்தானே சொல்லித் திரியிறார்!”

அதே நேரம் ஒழுங்கையின் மறுகோடியில் றஸாக்கின் மனைவி ஹாஜறா, முன்னறையைக் கூட்டி, நல்ல கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். “தங்கச்சி சொல்ல வருவாள். கடைசியா நம்மட ஊட்டதான் வருவாள்” என்று றஸாக் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையும் பார்த்தார். பாவம், கேட்டு வாங்குகிற காரியமா இது?

வெள்ளிக்கிழமை கோபமில்லாமல்தான் உடுத்திப் புறப்பட்டார். ஒழுங்கை நீண்டது. சாட்சிக்கு இருக்கவேண்டிய மாமா றஸாக்குக்காக, கலியாணம் எழுதவந்த லெப்பை காத்திருந்து பார்த்து, கடைசியில் வேறொருவரை இருத்தி நிக்காஹை முடித்தார். றிஸ்லாவின் கண்மை கரைந்தது. ஸுலைஹா ஒழுங்கைக்கு ஓடினாள். அவளுக்கு அரை நிமிட வழி. பக்கத்தில் நடந்துகொண்டே ஸலாம் சொன்னாள், சுகம் கேட்டாள், அவரிடம் கேட்டுக் கேட்டுப் பாடமான சொற்களை ஒன்று விடாமல் சொன்னாள். “ஊட்டோட வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரணும் காக்கா.”

“ஓம் தங்கச்சி. எப்ப?”

நிக்காஹ் முடிந்துவிட்டது, சொல்ல அவளிடம் நாள் இருக்கவில்லை. அன்று அவள் அழுத அழுகை நானூறு பேர் சாப்பிட்ட வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் போய்ச் சொன்னாள். அவரும் முகம் கோணாமல் ஓம் என்றார், நடந்தார்.

போன மாதம் றிஸ்லாவுக்குப் பிள்ளை கிடைத்தது. பெயர் வைக்கும் வைபவத்துக்குச் சொல்வதற்கு ஸுலைஹாவும் அஹ்ஸனும் முதல் வீடாக றஸாக் வீட்டுக்குப் போனார்கள். ஹாஜறா ஒரு சொல் குத்திக் கதைக்காமல் தேத்தண்ணி வைத்தாள். குடித்து முடித்ததும் அஹ்ஸனே தொண்டையைச் செருமி, வேர்த்து விறுவிறுத்து, நாளும் நேரமும் சொல்லி, நடத்தித் தரக் கேட்டார். ஸுலைஹா குசினிக்குள் போய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்து இருந்தாள்.

றஸாக்கின் முகம் மலர்ந்துவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ். வடிவாச் சொன்னீங்க. கட்டாயம் வருவன்” என்றவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார். “ஆனா முதல்ல கலியாணத்துக்குப் போய்ச் சேரணும் தங்கச்சி. றிஸ்லா புள்ள பாத்துக்கொண்டிருப்பாள்.”

அஸர் முடிந்திருந்தது. ஸுலைஹா எழுந்து போய் அவருக்கு அந்த வீட்டுக் கேற்றைத் திறந்துவிட்டாள்.