மூன்றாவது வரிக்கு விடை

அடுத்தவர் எழுதியதைத் திருத்தும்போது விமலாராணி பென்சிலால்தான் எழுதுவாள். பேனாவால் எழுதினால் வாத்தியாரம்மா மாதிரி ஆகிவிடும் என்பாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் அவள் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. சாய ஆலைகளின் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுப்பார்கள். ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அதைச் சிப்பில் ஏற்றவேண்டும் என்ற வழக்கத்தை முதலாளி வேங்கடசாமியிடம் மன்றாடிக் கொண்டுவந்தவள் அவள்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இஸ்மத் எழுதியது மூடிப் பூட்டுக்கான புரோகிராம். நூலை உள்ளே அடுக்கி, மூடியை இறுக்கி, நூற்று முப்பது டிகிரியில் அழுத்தத்தோடு சாயம் ஏற்றும் மெஷின் அது. எண்பதுக்குக் கீழே ஆறிய பிறகே பூட்டு விடுபட்டுப் பச்சை விளக்கு எரியவேண்டும். அச்செடுத்த தாளின் ஓரத்தில் விமலாராணி எழுதியிருந்தாள்:

'இஸ்மத், மூடியைத் திறக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்திருப்பது நன்றாக இருக்கிறது. தடுக்காமல் படிக்க முடிந்தது. அப்படிப் பிரித்ததால் மெஷின் இல்லாமலே இங்கே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். இந்த மூன்று நிலைக்கும் வரிக்கு ஒன்றாக டெஸ்ட் சேர்த்து, மூடி திறக்கவேண்டுமா பூட்டியிருக்கவேண்டுமா என்ற விடையையும் எதிரே எழுதிவிடுங்கள். ஒன்று, வெப்பம் சரியாக எண்பதில் நிற்கும்போது. இரண்டு, சென்சார் கம்பி அறுந்துபோனால். மூன்று, சாயம் கொதிக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்து, சென்சார் முதல் அளவைத் தருவதற்கு முன். முதல் வரியை விடையோடு மாதிரிக்கு எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டுக்கும் என்ன விடை வரவேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். மெஷினோடு இருந்தவர் நீங்கள்.'

இஸ்மத் அதை இரண்டு முறை படித்தான். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் அவன் எழுதியதன் குறுக்கே சிவப்புக் கோடு மட்டும்தான் விழும். இங்கே யாரோ தோளில் கை வைத்தது போலிருந்தது.

மெஷினோடு இருந்தவன் என்பது ஒரே ஒரு மத்தியானம்தான். அதில் பாதி நேரம், கழிவுநீர் வாய்க்கால் நீலமாகவும் பிறகு ரோஜா நிறமாகவும் மாறுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வரிக்கு விடை தெரிந்தது: பூட்டு. மூன்றாவதில் நின்றுவிட்டான். அவ்வளவு மரியாதையாக 'உங்களுக்குத்தான் தெரியும்' என்று எழுதியவளிடம் போய்த் தெரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கீழே போர்டுகளை ஏற்றிப்போக வந்த வேன் ஹாரன் அடித்தது.

"ஏனப்பா இஸ்மத்து, போர்டு அடைகாக்குதா? குஞ்சு பொரிச்சாத்தான் குடுப்பியா?" என்று படியிலிருந்து கத்தினார் வேங்கடசாமி.

"ஆச்சுங்க, இதா ஆச்சுங்க."

விடைக் கட்டத்தைக் காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தான். 'திற' என்றது புரோகிராம். அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. புதிதாகச் சுவிட்சு போட்ட மெஷின் காலியாக இருக்கும். மூடி திறந்தால்தானே நூலை அடுக்க முடியும்? விடைக் கட்டத்தில் 'திற' என்று அடித்து மறுபடி ஓட்டினான். மூன்று வரியும் 'சரி' என்று வந்தது.

விமலாராணி அந்த மூன்று 'சரி'யையும் பார்த்துச் சிரித்தாள். விடைகள் இருந்த பட்டியல் அடுத்த தாளில் இருந்தது. அதைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று போர்டுகள் மூன்று சாயப் பட்டறைகளுக்குப் போயின. அவிநாசி பட்டறையில் மெஷின் ஓட்டுபவர் அங்கப்பன். பொருத்தப் போன இஸ்மத்தே, மற்ற இரண்டு இடத்திலும் சொன்னது போல, அவருக்கும் சொல்லிக்கொடுத்தான்: "பச்சை எரிஞ்சாத் திறக்கலாமுங்க. எரியலைன்னா தொடவே தொடாதீங்க."

"டிராபிக் போலீஸ் சொல்ற மாதிரியே சொல்றீங்க தம்பி," என்று அங்கப்பன் சிரித்தார்.

கோடை பிறந்து கரண்ட் அடிக்கடி போகத் தொடங்கிய ஒரு காலையில், அந்தப் பட்டறையின் மேஸ்திரி பாலுசாமி போன் செய்தார். விமலாராணிதான் எடுத்தாள்.

"கரண்ட் போயி வந்துச்சுங்க. வந்தவுடனே பச்சை எரிஞ்சுதுங்க. ஆறிப்போச்சாட்ட இருக்குதுன்னு அங்கப்பன் மூடிச் சக்கரத்தத் திருப்பிப்போட்டானுங்க. மூடி எகிறி, கொதிக்கிற தண்ணி மூஞ்சில…" குரல் உடைந்தது. "பெரியாஸ்பத்திரில சேத்திருக்குதுங்க. கண்ணு தப்புமான்னு டாக்டரு வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க."

அவள் போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து அந்தத் தாள்களை எடுத்தாள். இப்போது இரண்டாவது தாளைப் புரட்டினாள். மூன்றாவது வரி. விடை: திற.

இஸ்மத் அவள் பின்னால் வந்து நின்றான்.

"அக்கா…"

"இது எப்படி வந்துச்சு?"

"புரோகிராம் சொன்னதையே எழுதிட்டங்க்கா. எனக்குத் தெரியல. கேக்க வெக்கமா இருந்துச்சு." "திட்டுங்க்கா," என்றான்.

அவள் திட்டவில்லை. "விடையை நானே எழுதியிருக்கோணும். உன்னைப் பெரியவனாக்கறதா நெனச்சுட்டு உட்டுட்டேன். புரட்டியும் பாக்கல," என்றாள்.

காரணம் இப்போது இருவருக்கும் தெரிந்தது. கரண்ட் திரும்பும்போது புரோகிராமில் வெப்ப அளவைக் குறித்துவைக்கும் கட்டம் சைபரிலிருந்து தொடங்குகிறது. சென்சார் முதல் அளவைத் தருவதற்குள் புரோகிராம் மூடியைப் பற்றி முடிவு செய்துவிடுகிறது. சைபர் எண்பதுக்குக் கீழே. பூட்டு ஒருமுறை விடுபட்டால் அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை திரும்ப விழாது.

வேங்கடசாமி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவருக்கும் செய்தி வந்துவிட்டிருந்தது.

"பாருங்க அம்மணி, மெஷின் பழசு. அழுத்தமானியப் பாக்காமத் தெறந்தது அந்தாளு. நாம வாயத் தொறக்க வேண்டாம்."

"இன்னும் ரெண்டு போர்டு ஓடிட்டு இருக்குதுங்க."

"இப்பப் போன் பண்ணுனா நம்ம தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. கம்பெனிய இழுத்து மூடோணும். ஆள அனுப்பிச் சத்தமில்லாமச் சிப்ப மாத்திக்கலாம்."

"எப்பங்க?"

"ரெண்டு நாள்ல."

அவள் இஸ்மத்தைப் பார்த்தாள். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மூன்றாவது வரியில் 'திற' என்பதை அழித்துப் 'பூட்டு' என்று அடித்தான். வேறு எதையும் தொடவில்லை. ஓட்டினான். சரி, சரி, தவறு.

"மறுபடி ஓட்டு," என்றார் வேங்கடசாமி.

தவறு.

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு சொல்லைத் தவிர அறையில் எதுவும் வெளிச்சமாக இல்லாதது போலிருந்தது. விமலாராணி போனை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த பட்டறையில் யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"நஞ்சம்மா பேசறனுங்க. மொதலாளி இல்லீங்க."

"சாய மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. இப்பத்தான் கரண்ட் போச்சுங்க."



"அம்மா, மூடிகிட்ட யாரையும் உடாதீங்க. ஓடிப்போய்ச் சொல்லுங்க. போனை வைக்காதீங்க."

போன் எதன்மேலோ இடித்துக்கொண்டு கிடந்தது. ஓடும் செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு கூப்பாடு. பிறகு எதுவும் இல்லை. இஸ்மத் காதைப் போனுக்கு அருகில் கொண்டுவந்தான். திடீரென்று அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் உறுமத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"எல்லாத்தையும் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டனுங்க," என்றாள் நஞ்சம்மாள், மூச்சு வாங்க. "ஆனாப் பச்சை எரியுதுங்களே. பச்சை எரிஞ்சாத் தெறக்கலாம்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போச்சே. தெறக்கட்டுமுங்களா?"

இஸ்மத் போனை விமலாராணியின் கையிலிருந்து வாங்கினான்.

"தெறக்காதீங்க," என்றான். "நாந்தான் பேசறேன், அந்தத் தம்பி. நான் சொன்னது தப்புங்க."

விமலாராணி அடுத்த பட்டறையின் எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.