ஒன்றாம் அலையின் உச்சி

பங்கு வாங்கிய அன்றே, "812-க்குக் கீழே வந்தால் அலை எண்ணிக்கை தப்பு, விற்றுவிட வேண்டும்" என்று குணசேகரை எழுத வைத்து, சீட்டைத் திரையோரம் ஒட்டியவள் அவன் மனைவி யாமினி. பங்கு விலை ஐந்து அலைகளாக, நடுவே இரண்டு முறை இறங்கி, ஏறும் என்பது அவன் நம்பிய முறை; அவன் எண்ணியபடி முதல் அலையின் உச்சி 812. நான்காம் அலை அதற்குக் கீழே இறங்கினால், ஐந்தாம் அலை மேலே தூக்கும் என்ற கணக்கே செல்லாது. மர்பி டவுன் வீட்டை விற்ற பணம் முழுவதும் அந்த ஐந்தாம் அலையை நம்பி இருந்தது.

மதியம் அவள் காபியோடு வந்தபோது விலை 809. சீட்டைக் காணோம்.

"812-ல தானா வித்துடற ஸ்டாப் லாஸ் அடிச்சிருக்கணுமே, இன்னாங்க ஆச்சு?"

"எடுத்துட்டேன். 812 உள்ள இருக்கிற சின்ன அலைம்மா. நெஜமான ஒண்ணாம் அலையோட உச்சி 790."

கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்க அரைமணி நேரம் நிற்கிற மனுஷன், இப்போது திரையிலிருந்த எண்களோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"விலை எறங்கினா உங்க எண்ணிக்கையும் எறங்குமா?"

"பத்து பேர் எண்ணினா பத்து விதமா வரும், யாமினி."

"மேலேருந்து எறங்கற மூணு அலையா, ஏ, பி, சின்னு எண்ணினா இன்னும் விழும். அதுவும் ரூல்படி சரிதானே?"

"சரிதான்."

"அதுக்குத்தான் கொஞ்சமா வாங்குங்க, தப்புன்னா வித்துட்டு வெளிய வந்துடுங்கன்னேன். அந்தச் சீட்டும் அதுக்குத்தான்."

விலை 796 ஆனது. பிறகு 791.

"790 உடைஞ்சா வித்துடுவீங்களா?"

"கண்டிப்பா."

சொல்லிக்கொண்டே குணசேகர் மவுஸால் வரைபடத்தில் பழைய விலைகள் இருந்த இடப்பக்கத்துக்குப் போனான். அங்கே 774-இல் இன்னொரு சின்ன உச்சி இருந்தது.