அடைப்புக்குறிக்குள் மூன்று எண்

வேங்கிக்கால் முதியோர் இல்லத்தில் மதிவதனி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, மேலாளர் சுரேஷ்குமார் ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். அங்கிருக்கும் கிழங்களின் பிள்ளைகளுடைய போன் நம்பர்கள், ஆளுக்கொரு தினுசாக: சிலது முன்னால் பூஜ்யத்தோடு, சிலது கோடு போட்டு, சிலது அடைப்புக்குறியோடு. எல்லாருக்கும் ஒரே தட்டலில் வாட்ஸ்அப் செய்தி போகவேண்டுமாம். நாட்டுக் குறியீட்டோடு ஒரே மாதிரி அட்டவணையாக்க வேண்டும். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார்.

கோடு, இடைவெளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வழித்தெடுத்தாள். சிங்கப்பூர் என்று எழுதிய எட்டு இலக்கத்துக்கு +65. துபாய்க்காரர்களின் முன்பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு +971. ஒன்பதில் தொடங்கும் பத்து இலக்கமா, கண்ணை மூடிக்கொண்டு +91. அட்டவணை அழகாகத்தான் இருந்தது. நோட்டு பழைய பேப்பர்காரனிடம் போனது.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை ஜோதியம்மாள் செத்துப்போனாள். அமெரிக்காவிலிருக்கும் ஒரே மகன் செழியன் ஞாயிறு தவறாமல் ஆபீஸ் லேண்ட்லைனில் கூப்பிடுவான். அந்த அரை மணிக்காகவே கிழவி வாரத்தை ஓட்டியவள். கொள்ளி அவன்தான் வைக்கணும், அதுவரை என்னை எடுத்துடாதீங்க என்று மதிவதனியிடமே கேட்டிருந்தாள்.

மதிவதனி செய்தி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கூப்பிட்டால் கட் செய்தார்கள். இந்தியா சிம் ஒன்றும் வைத்திருப்பான், வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றார் சுரேஷ்குமார். ஐஸ் பெட்டி இரண்டு நாள் தாங்கியது. இதுவும் ஒரு பிள்ளையா என்று மதிவதனி எல்லார் காதிலும் விழத் திட்டினாள். புதன்கிழமை வாட்ச்மேன் ஆதிமூலம் கொள்ளி வைத்தார்.

ஞாயிறு காலை லேண்ட்லைன் அடித்தது.

"செழியன் பேசறேங்க. அம்மாகிட்ட குடுங்க."

மதிவதனி அட்டவணையைத் திரையில் திறந்தாள். உங்க நம்பர் என்னங்க என்று கேட்டாள்.

"டல்லாஸ் நம்பர்தாங்க. நோட்டுல நானே எழுதிக் குடுத்தேனே, ஒன்பது ஏழு ரெண்டு அடைப்புக்குறியில..."

மிச்ச ஏழு எண்ணும் திரையில் அப்படியே இருந்தன. முன்னால்தான் +91. 972 டல்லாஸின் ஊர்க் குறியீடு; அதைச் சொல்லும் அடையாளம் அந்த அடைப்புக்குறி. அதைத்தான் அவள் வழித்தெறிந்திருந்தாள். எவனோ ஒரு அந்நியன் ஜோதியம்மாளின் சாவைப் படித்துவிட்டுப் போயிருக்கிறான்.

எட்டிப் பார்த்த சுரேஷ்குமாருக்கும் விளங்கிவிட்டது. அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"தப்பு உன்னுதுதாம்மா. வேலை வேணுமா, வேணாமா?"

மதிவதனி ஒரு கையால் +91ஐ அழித்து அமெரிக்காவின் +1 என்று அடித்தாள். சேமித்தாள். பிறகுதான் பேசினாள்.

"அம்மா திங்கக்கிழமையே தவறிட்டாங்க சார். மெசேஜ் போட்டோம், நாலு தடவ கூப்பிட்டோம். நீங்கதான் எடுக்கல."

மறுமுனையில் அழுகை கேட்டது.

"சைலன்ட்ல போட்டுட்டு தூங்கியிருப்பேன், தெரியாத நம்பர்னு பாக்காமலே விட்டிருப்பேன். என் தப்புதாங்க. இவ்ளோ தடவ கூப்பிட்டிருக்கீங்க, மன்னிச்சிடுங்க."

பரவாயில்லை சார் என்றாள் மதிவதனி.